“உங்களுக்குக் கீழே வேலை செய்யாத ஒருவரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?”: நேர்காணலில் இந்தக் கேள்வி எதைத் தேடுகிறது

மென்பொருள் நிறுவனங்களின் நேர்காணலில் தொழில்நுட்பச் சுற்றுகளைத் தாண்டியவர்கள் கடைசிச் சுற்றில் தடுமாறும் கேள்வி ஒன்று உண்டு. “நீங்கள் மேலாளர் இல்லை. எதிரில் இருப்பவர் உங்கள் சொல்லைக் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அப்படி ஒருவருடைய மனதை மாற்றிய அனுபவத்தைச் சொல்லுங்கள்.” வார்த்தைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கேட்பது ஒன்றுதான். அமேசான் போன்ற நிறுவனங்கள் தங்கள் கொள்கைகளை வெளிப்படையாகவே பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் சோதிக்க இப்படிப் பழைய அனுபவத்தைக் கேட்கின்றன. கருத்து வேறுபாட்டைத் துணிந்து சொல்வது, முடிவெடுத்த பிறகு அதற்கு முழுமனதோடு துணை நிற்பது என்பது அந்தப் பட்டியலில் உள்ள ஒரு கொள்கை.

பெரும்பாலான பதில்கள் ஒரே மாதிரி இருக்கும். “நான் ஒரு யோசனை சொன்னேன். சீனியர் ஒத்துக்கொள்ளவில்லை. தரவுகளைக் காட்டி விளக்கினேன். ஒத்துக்கொண்டார். புராஜெக்ட் வெற்றி.” இதில் பொய் எதுவும் இருக்காது. ஆனாலும் கேட்பவருக்கு எழுதிக்கொள்ள எதுவும் கிடைக்காது. ஏன் என்று புரிய, இந்த வகைக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்க ராணுவ விமானப் படைக்கு விமானிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் ஜான் ஃபிளனகன் என்ற உளவியலாளர் இருந்தார். நல்ல விமானி எப்படி இருக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால், “தைரியம் வேண்டும், நிதானம் வேண்டும்” என்ற பதில்தான் வரும். அதை வைத்து யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. அதற்குப் பதிலாக, நடந்த சம்பவங்களைச் சேகரித்தார்கள்: எந்த இடத்தில், என்ன நடந்தது, அந்த ஆள் என்ன செய்தார், அதனால் என்ன ஆனது. இந்த முறையை ஃபிளனகன் 1954-இல் விரிவாக எழுதி வெளியிட்டார். பின்னால் 1980களில் வேலைக்கான நேர்காணலுக்கும் இந்தச் சிந்தனை வந்து சேர்ந்தது. “இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்பதைவிட, “வந்தபோது என்ன செய்தீர்கள்?” என்று கேட்பது பயனுள்ளது என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள். சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்று நான்கு பகுதியாகப் பதில் சொல்லும் ‘ஸ்டார்’ முறையும் இதே சிந்தனையோடு ஒத்துப்போவதுதான்.

ஆகவே கேட்பவர் தேடுவது சம்பவத்தை. “தரவுகளைக் காட்டி விளக்கினேன்” என்பது சம்பவமல்ல, சம்பவத்தின் தலைப்பு. எந்தத் தரவு, எங்கே வைத்துக் காட்டினீர்கள், அவர் என்ன சொல்லி மறுத்தார், எந்த இடத்தில் அவர் முகம் மாறியது என்பதுதான் அவருக்கு வேண்டும்.

இதில் பலரும் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. என் பார்வையில் இந்தக் கேள்வியின் உயிரே அங்கேதான். கேட்பவர் உங்கள் யோசனை எவ்வளவு சரி என்று அளக்கவில்லை. எதிரில் இருந்தவர் ஏன் வேண்டாம் என்றார் என்பது உங்களுக்குத் தெரியுமா என்றுதான் பார்க்கிறார். அதிகாரம் இருப்பவர் காரணம் தெரியாமலே வேலையை முடித்துவிடலாம். அதிகாரம் இல்லாதவருக்கு அந்தக் காரணத்தைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. அதைக் கண்டுபிடிக்காமல் ஒருவர் சம்மதம் வாங்கியிருந்தால், பெரும்பாலும் எதிராளி அலுத்துப்போய் விட்டுக்கொடுத்திருப்பார், அல்லது மேலாளர் உள்ளே வந்திருப்பார்.

ஒரு பதிலை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். இது விளக்கத்துக்காக நானே அமைத்த உதாரணம். ஆனால் இதில் வரும் தொழில்நுட்பச் சிக்கல் உண்மையானது, டேட்டாபேஸோடு வேலை செய்பவர்கள் அடிக்கடி சந்திப்பது.

வீட்டுக்கு மளிகை கொண்டுவந்து தரும் ஒரு நிறுவனம். அதில் வாடிக்கையாளர் புகார்களைப் பார்க்கும் டீமில் மூன்று வருட அனுபவமுள்ள ஒரு பெண். ஆர்டர் டேட்டாபேஸைக் கவனிப்பது வேறு டீம். அங்கே ஒன்பது வருட அனுபவமுள்ள ஒரு சீனியர். இருவருக்கும் வேறு வேறு மேலாளர்கள். ஆர்டர் டேபிளில் சுமார் நாலு கோடி வரிகள். ஒருநாள் அந்த டேபிளில் புது இண்டெக்ஸ் ஒன்றைச் சேர்த்தபோது ஆறு நிமிடம் ஆர்டர் எதுவும் பதிவாகவில்லை. புகார்கள் எல்லாம் இந்தப் பெண்ணின் டீமுக்கு வந்தன. காரணம் எளிது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் `CREATE INDEX` என்று சாதாரணமாகக் கொடுத்தால், அது முடியும்வரை அந்த டேபிளைப் படிக்கலாம், ஆனால் எதையும் எழுத முடியாது. `CREATE INDEX CONCURRENTLY` என்று கொடுத்தால் எழுதுவது நிற்காது. அடுத்த மாதம் இன்னொரு இண்டெக்ஸ் வரவிருந்தது. இரண்டாவது முறையில் செய்யலாமே என்று அந்தப் பெண் கேட்டார். சீனியர் வேண்டாம் என்றார்.

நேர்காணலில் முதலில் வரும் பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “அவருக்கு ஆவணத்தை அனுப்பினேன். இது எவ்வளவு நல்ல முறை என்று விளக்கினேன். வாடிக்கையாளர் பாதிப்பைக் காட்டினேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்.” ஒன்பது வருடம் டேட்டாபேஸோடு வாழ்ந்தவருக்கு இந்தக் கட்டளை தெரியாமலா இருக்கும்? இந்தப் பதிலைக் கேட்கும் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும். எதிராளியை விவரம் தெரியாதவராகக் காட்டும் பதில், சொல்பவரின் மதிப்பைத்தான் குறைக்கும்.

இப்போது அதே சம்பவம், காரணத்தைத் தேடிப் போனவரின் வாயிலிருந்து:

“முதல் தடவை மீட்டிங்கில் எல்லோர் முன்னாடியும் கேட்டேன். ‘அது நமக்குச் சரிவராது’ என்று முடித்துவிட்டார். மறுநாள் அவர் இடத்துக்கே போய், ‘நீங்க வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கும், அது என்னன்னு தெரிஞ்சுக்கலாமாங்க?’ என்று கேட்டேன். இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, எங்கள் மைக்ரேஷன் கருவி ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு டிரான்ஸாக்ஷனுக்குள் ஓட்டுகிறது. அதற்குள் இந்தக் கட்டளை ஓடாது, பிழை காட்டி நிற்கும். இரண்டாவதுதான் உண்மையான காரணம் என்று பேசும்போது புரிந்தது. முன்பு ஒருமுறை இதை முயன்றிருக்கிறார். பாதியில் அறுந்து, பழுதான இண்டெக்ஸ் ஒன்று டேபிளிலேயே தங்கிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. சில நாள் கழித்து நடுராத்திரியில் எழுந்து அதைத் தேடி அகற்றியது அவர்தான்.”

இந்த இடத்தில் கேட்பவரின் பேனா ஓடத் தொடங்கும். இரண்டு காரணங்களும் நியாயமானவை. அந்தக் கட்டளை டிரான்ஸாக்ஷனுக்குள் ஓடாது என்பது உண்மை. தோற்றுப்போனால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்றை விட்டுவிட்டுப் போகும் என்பதும் உண்மை. அந்த இண்டெக்ஸ் தேடலுக்குப் பயன்படாது, ஆனால் ஒவ்வொரு தடவை எழுதும்போதும் சுமையாக இருந்துகொண்டே இருக்கும். இதைவிட முக்கியம், இரண்டாவது காரணம் தொழில்நுட்பக் காரணமே அல்ல என்பது. மாற்றத்தின் பலன் ஒருவருக்கு, ராத்திரி கண்விழிப்பது இன்னொருவருக்கு என்ற ஏற்பாட்டைத்தான் அவர் மறுத்தார். அதை எந்த ஆவணத்தை அனுப்பியும் தீர்க்க முடியாது.

பதில் தொடர்கிறது:

“ஆர்டர் டேபிளின் பழைய நகல் ஒன்று டெஸ்ட் சர்வரில் இருந்தது. ஒவ்வொரு விநாடியும் ஒரு வரி எழுதும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை ஓடவிட்டு, இரண்டு முறையிலும் இண்டெக்ஸ் போட்டுப் பார்த்தேன். சாதாரண முறையில் ஸ்கிரிப்ட் அப்படியே நின்றது. `CONCURRENTLY` முறை ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுத்தது, ஆனால் ஸ்கிரிப்ட் நிற்கவில்லை. அவரை உட்காரவைத்து அவர் கண்முன்னாலேயே ஓட்டிக் காட்டினேன். அப்போது இண்டெக்ஸ் போடுவது நடுவில் தொங்கிவிட்டது. எனக்குக் காரணம் தெரியவில்லை. அவர்தான் பார்த்துவிட்டு, ‘ரிப்போர்ட் ஒண்ணு ரொம்ப நேரமா டிரான்ஸாக்ஷனைத் திறந்து வெச்சிருக்கு, அது முடியுற வரைக்கும் இது காத்துக்கிட்டு இருக்கும்’ என்றார். அதை மூடியதும் ஓடியது. அதிலிருந்து அவரும் இதில் சேர்ந்துகொண்டார்.

“அவர் பயந்த இரண்டு விஷயத்துக்கும் வழி எழுதிக்கொண்டு போனேன். இண்டெக்ஸ் மாற்றத்துக்கு மட்டும் தனி ஃபைல், அதில் டிரான்ஸாக்ஷனை நிறுத்திவைக்கும் ஒரு வரி. எங்கள் ஜாங்கோ கருவியில் அது `atomic = False`. முடிந்த பிறகு பழுதான இண்டெக்ஸ் ஏதாவது இருக்கிறதா என்று தானாகப் பார்க்கும் ஒரு குவெரி. இருந்தால் எங்கள் டீமுக்கு அலாரம் அடிக்கும், அவருக்கு அல்ல.”

அந்தக் குவெரி இதுதான்:

```sql
SELECT indexrelid::regclass
FROM pg_index
WHERE NOT indisvalid;
```

“அவர் இரண்டு நிபந்தனை போட்டார். சின்ன டேபிளுக்கு இது வேண்டாம், பழைய முறையே போதும். முதல் தடவை ஓடும் ராத்திரி நானும் முழித்திருக்க வேண்டும். இரண்டுக்கும் சரி என்றேன். எல்லா டேபிளுக்கும் இதே முறை என்றுதான் நான் முதலில் கேட்டிருந்தேன், அதை விட்டுவிட்டேன். ஆர்டர் நிற்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொருவர் போட்ட மாற்றத்தில், ‘இது பெரிய டேபிள், தனி ஃபைலில் போடுங்க’ என்று அவரே ரிவ்யூவில் எழுதியிருந்தார்.”

இந்தக் கடைசி வரிதான் பதிலின் விளைவு. ஆர்டர் நிற்கவில்லை என்பது வேலையின் விளைவு. மனம் மாறியதற்கு அத்தாட்சி, நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும் அவர் அதையே செய்கிறார் என்பதுதான். ஒருவரை இணங்க வைப்பதைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்த கேரி யூகல் என்ற அமெரிக்க அறிஞர், இப்படியான முயற்சிகளின் முடிவை மூன்றாகப் பிரித்தார்: மனமொப்பிய ஈடுபாடு, வேண்டாவெறுப்பான இணக்கம், எதிர்ப்பு. நேர்காணலில் சொல்லப்படும் பல வெற்றிக்கதைகள் இரண்டாவது வகையில்தான் முடிந்திருக்கும், சொல்பவருக்கே அது தெரியாது. “ஒத்துக்கொண்டார்” என்பதோடு கதை நின்றால் கேட்பவரால் இவற்றைப் பிரித்தறிய முடியாது. எனவே, “அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார்?” என்று கட்டாயம் கேட்பார்.

யூகலும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர்களும் 1990களின் தொடக்கத்தில் இன்னொன்றையும் கண்டார்கள். நியாயத்தை எடுத்துக்காட்டுவது, எதிராளியின் மதிப்பீடுகளைத் தொட்டுப் பேசுவது, அவரையே திட்டத்தை வடிவமைக்கச் சேர்த்துக்கொள்வது ஆகிய மூன்றும் அதிகம் பலித்தன. அழுத்தம் கொடுப்பது, ஆள்சேர்த்துக்கொண்டு போவது, விதியையோ மேலிடத்தையோ காட்டுவது ஆகியவை மிகக் குறைவாகப் பலித்தன. நம் உதாரணத்தில், அதிகம் பலித்த மூன்றில் முதல் வகையும் மூன்றாம் வகையும் இருக்கின்றன. தொங்கிப்போன டெஸ்டை அவர் சரிசெய்த நிமிடம்தான் மூன்றாவது வகை. அது திட்டமிட்டு நடந்ததல்ல. ஆனால் பதிலில் அதை மறைக்காமல் சொன்னதால், இது உண்மையில் நடந்த கதை என்ற நம்பிக்கை வருகிறது.

நம் ஆட்கள் ஏன் இப்படிப்பட்ட பகுதிகளை விட்டுவிடுகிறார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். சீனியரை எதிர்த்துப் பேசினேன் என்று சொன்னால் மரியாதைக் குறைவாகத் தெரியுமோ என்ற தயக்கம் ஒன்று. அதனால் கருத்து வேறுபாட்டையே மழுப்பி, ஏதோ கலந்துபேசி முடிவெடுத்தது போலச் சொல்கிறார்கள். இன்னொன்று, எல்லாவற்றையும் “நாங்கள்” என்று சொல்லும் பழக்கம். வேலையிடத்தில் அது நல்ல பண்பு. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும் அது தடை, ஏனென்றால் மறுநாள் அவர் இடத்துக்குப் போய்ப் பேசியது யார் என்று கேட்பவருக்குத் தெரியாமல் போய்விடும். மரியாதை எதிராளியின் காரணத்தை அவர் சொன்ன அழுத்தத்தோடு சொல்வதில் இருக்கிறது. அதைச் செய்துவிட்டால், “நான் ஒத்துக்கொள்ளவில்லை” என்று நேரடியாகச் சொல்வதில் தவறே இல்லை.

நேரக் கணக்கும் ஒன்று உண்டு. இத்தகைய பதிலுக்கு இரண்டு, மூன்று நிமிடம் போதும். அதில் பாதிக்கு மேல் நிறுவனத்தையும் புராஜெக்டையும் விவரிப்பதில் போய்விடுவதுதான் வழக்கம். மேலே உள்ள கதையில் சூழலுக்கு நாலு வாக்கியம் போதும்: யார், யாரிடம், எதைக் கேட்டார், அதிகாரம் ஏன் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை ஒரு வரியிலாவது சொல்லியே ஆக வேண்டும். உங்கள் கீழ் பயிற்சி எடுக்கும் ஒருவரைச் சம்மதிக்க வைத்த கதையை இங்கே சொன்னால், அது கேள்விக்குப் பதிலே ஆகாது. மிச்ச நேரத்தை அவர் காரணத்துக்கும் அதற்கு நீங்கள் செய்ததற்கும் கொடுங்கள். ஆங்கிலத்தில்தான் நேர்காணல் என்றால் வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். சம்பவத்தின் வரிசையை மட்டும் நினைவில் வைத்தால் போதும். மனப்பாடம் செய்தவர்கள் நடுவில் ஒரு கேள்வி வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். அது உடனே தெரிந்துவிடும்.

நடுவில் வரும் அந்தக் கேள்விகளில்தான் பாதி மதிப்பெண் இருக்கிறது. “அந்த சீனியரை நான் கூப்பிட்டுக் கேட்டால் இந்தச் சம்பவத்தைப் பற்றி என்ன சொல்வார்?” என்பது ஒன்று. உங்கள் பதிலில் அவர் முட்டாளாக இருந்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். நம் உதாரணத்தில், “அவசரப்பட்டு மீட்டிங்கில் கேட்டாள், அப்புறம்தான் தனியாக வந்தாள் என்று சொல்வார்” என்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கும், போதுமானதாகவும் இருக்கும். “உங்கள் கருத்து எந்த இடத்தில் மாறியது?” என்பது இன்னொன்று. சின்ன டேபிளுக்கு வேண்டாம் என்று ஏற்றுக்கொண்ட இடம் இதற்குப் பதில். தன் பக்கம் எதுவுமே மாறவில்லை என்று சொல்பவரிடம் கேட்பவர் வேறு சம்பவம் ஒன்றைக் கேட்கத் தொடங்குவார்.

மிகக் கடினமானது, “அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால்?” என்ற கேள்வி. “மேலாளரிடம் சொல்லியிருப்பேன்” என்று சட்டென்று வரும் பதில் தவறல்ல, ஆனால் முழுமையில்லை. மேலாளரிடம் போவது சில நேரம் சரியான வழிதான். எப்படிப் போவீர்கள் என்பதுதான் கேள்வி. எதிராளிக்குத் தெரியாமல் போனால் அடுத்த தடவை அவர் உங்களிடம் காரணத்தையே சொல்லமாட்டார். “நாம ரெண்டு பேரும் இதில் ஒத்துப்போகல. ரெண்டு பேர் காரணத்தையும் ஒரே பக்கத்தில் எழுதி ரெண்டு மேலாளருக்கும் அனுப்பலாமா? உங்க பக்கத்தை நீங்களே பார்த்துத் திருத்துங்க” என்று முதலில் அவரிடமே கேட்பது ஒரு வழி. அதோடு, ஒத்துக்கொள்ளாததால் என்ன இழப்பு என்றும் யோசித்திருக்க வேண்டும். நம் கதையில் ஆறு நிமிடம் ஆர்டர் நிற்பது பகல் நேரத்தில் பெரிய விஷயம். அதையே விடிகாலை மூன்று மணிக்குச் செய்தால் சமாளிக்கக்கூடிய விஷயம். “முறையை மாற்ற முடியாவிட்டால் நேரத்தையாவது மாற்றக் கேட்டிருப்பேன்” என்பது எனக்குப் பிடித்த பதில். பிரச்சினையைத் தன் யோசனையோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதவர்தான் அப்படிச் சொல்ல முடியும்.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளைவை எண்ணில் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் அறிவுரை சொல்வதால், இல்லாத சதவீதங்கள் பதில்களில் முளைக்கின்றன. “செயல்திறன் நாற்பது சதவீதம் கூடியது” என்றால் அடுத்த கேள்வி, “எதை அளந்தீர்கள், எப்போதிலிருந்து எப்போது வரை?” என்பதுதான். அளந்திருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த ரிவ்யூ வரி போன்ற ஒரு சின்ன அடையாளம் போதும்.

படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போகிறவர்களிடம் இவ்வளவு பெரிய கதை இருக்காது. கடைசி வருட புராஜெக்டில் நாலு பேரில் ஒருவர் வேறு மொழியில்தான் எழுதுவேன் என்று நின்றிருப்பார். அவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். வளாக நேர்காணலுக்கு அந்த மொழியைக் காட்டினால் உதவும் என்று நினைத்திருக்கலாம், அல்லது புது மொழியைக் கற்க நேரமில்லாமல் இருந்திருக்கலாம். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்து, ஒரு பகுதியை மட்டும் அவர் விரும்பிய மொழியில் எழுத வைத்திருந்தால் அதுவே நல்ல பதில்.

கடைசியில் சம்மதிக்க வைக்க முடியாமல் போன சம்பவத்தைச் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். கேள்வி வெற்றியைக் குறிப்பிட்டுக் கேட்டால் வெற்றியைச் சொல்லுங்கள். “முயன்ற ஒரு சம்பவம்” என்று பொதுவாகக் கேட்டால், தோற்றதைத் தயங்காமல் சொல்லலாம். அதில் இரண்டு விஷயம் இருந்தால் போதும். அவர் மறுத்த காரணம் உங்களுக்கு எப்போது தெரியவந்தது, முடிவு உங்களுக்கு எதிராகப் போன பிறகு அந்த வேலையில் நீங்கள் என்ன செய்தீர்கள். பழைய முறையிலேயே இண்டெக்ஸ் போடுவது என்று முடிவானால், அந்த ஆறு நிமிடத்துக்கு முன்கூட்டியே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வைத்து, புகார் டீமைத் தயாராக்கிவைத்தேன் என்று சொல்பவரை நான் தேர்வுசெய்வேன்.